கல்யாணப் பத்திரிகை புரூஃப்: வாட்ஸ்அப் படமா, தாளில் எடுத்த பிரதியா?

பத்திரிகை அடிக்கக் கொடுத்தால் இப்போதெல்லாம் புரூஃப் வாட்ஸ்அப்பில் படமாக வந்துவிடுகிறது. கேட்டால் தாளில் எடுத்தும் கொடுப்பார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்து ‘ஓகே’ சொல்லக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. ஒன்றில் பிடிபடும் பிழை மற்றொன்றில் தப்பிவிடுகிறது.

எழுத்துப்பிழைக்குப் படம்தான் வசதி. நாம் யூனிகோடில் சரியாக அனுப்பினாலும், பல அச்சகங்கள் அதைத் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றுகின்றன, இல்லையேல் பார்த்துத் திரும்ப அடிக்கின்றன. பிழை அப்போதுதான் நுழைகிறது: சண்முகம் ‘சன்முகம்’ ஆகும், வள்ளி ‘வல்லி’ ஆகும், ஒரு புள்ளி காணாமல் போகும். படத்தை விரலால் பெரிதாக்கி, நாம் அனுப்பிய வாசகத்தோடு ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டால் சிக்கிவிடும். ஆனால் குடும்பக் குழுவில் படத்தைப் போட்டுவிட்டு இருந்துவிடுவது சரிபார்ப்பு ஆகாது. அவரவர் தம் பெயரைத்தான் பார்ப்பார்கள். ‘திருவளர்ச்செல்வன்’ என்று ‘ச்’ சேர்ந்து வருவதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்துவதால் அது வினைத்தொகை. அங்கே ஒற்று மிகாது. திருவளர்செல்வன், திருவளர்செல்வி என்றே போடச் சொல்லுங்கள்.

மரியாதைச் சொற்களுக்குப் படம் போதாது. பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் தனித்தனிப் பத்திரிகை என்றால், ஒன்றை அடித்து முடித்து அதே கோப்பில் பெயர்களை இடம் மாற்றி மற்றதைத் தயாரிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையில் ‘எங்கள் மகன்’ என்றும், சம்பந்தி வீட்டாரை ‘திரு. … – திருமதி … அவர்களின் மகள்’ என்றும் இருக்கும். பெண் வீட்டுப் பிரதியில் இது அப்படியே தலைகீழாக வேண்டும். பெயரோடு பழைய அடைமொழியும் ஒட்டிக்கொண்டே இடம் மாறிவிட்டால், பெண்ணின் அப்பா தமக்குத் தாமே ‘திரு’வும் ‘அவர்களும்’ போட்டுக்கொண்டு, சம்பந்தியை மொட்டையாக எழுதியதுபோல் ஆகிவிடும். சம்பந்தி வீட்டில் இது வருஷக்கணக்கில் பேச்சாக நிற்கும். இரண்டு தாளையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஒரே பார்வையில் தெரியும். போனில் ஒன்றை மூடி ஒன்றைத் திறந்து பார்க்கும்போது தெரியாது. காலமானவர் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ இருக்கிறதா, அந்தப் பெயர் தவறிப்போய் ‘அன்புடன் அழைக்கும்’ பட்டியலில் ஏறியிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

தேதிக்கு மட்டும் படமும் தாளும் ஒன்றுதான், ஏனென்றால் இரண்டிலும் ஒரே தவறுதான் இருக்கும். நாள்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக 06.02.2026 வெள்ளிக்கிழமை முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். அது தை 23. ஜனவரி பிறந்துவிட்டதே என்று ‘பராபவ’ என்று போட்டால் தவறு. சித்திரை பிறக்கும்வரை விசுவாவசு வருடம்தான். திருவள்ளுவர் ஆண்டு போடுகிறவர்களுக்கோ தை முதல் நாளே ஆண்டு மாறிவிடுகிறது, அதனால் 2057. முகூர்த்தம் 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள் என்றால் ‘காலை’ என்பதைவிட ‘அதிகாலை’ நல்லது. வெளியூர்க்காரர்கள் வெள்ளி பகலில் வந்து இறங்காமல் இருக்க ‘வியாழன் இரவு விடிந்தால் வெள்ளி’ என்று அடைப்புக்குறிக்குள் சேர்ப்பது இன்னும் நல்லது. முதல் நாள் மாலை வரவேற்பு என்றால் அதற்கு 05.02.2026 வியாழக்கிழமை என்று தனி வரியே வேண்டும்.

வரி அமைப்பில் தாளுக்கு ஈடு கிடையாது, அதுவும் அசல் அளவில் எடுத்த தாள். போனில் பெரிதாக்கிப் பார்க்கும்போது வரி எங்கே உடைகிறது என்பதே கண்ணில் படாது. ‘கு.’ ஒரு வரியின் கடைசியிலும் ‘சண்முகம்’ அடுத்த வரியிலும் நிற்கக் கூடாது. ‘4.30 மணிக்கு மேல்’ என்பது ‘மணிக்கு’வோடு முறிந்து ‘மேல்’ கீழே இறங்கக் கூடாது. மணமக்கள் இருவர் பெயரும் ஒரே எழுத்தளவில் இருக்க வேண்டும். நீளமான பெயரை ஒரு வரிக்குள் அடக்கச் சுருக்கியிருப்பார்கள், அது தாளில்தான் தெரியும். மண்டபத்து முகவரியைக் கண்ணாடி போடும் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்ல வேண்டியதுதான்.

திருத்தம் சொன்னபின் வரும் இரண்டாவது புரூஃபைத் திருத்திய இடத்தோடு விட்டுவிடாதீர்கள். ஒரு சொல் கூடினால் அதற்குக் கீழே உள்ள வரிகள் நகரும், முதலில் சரியாக இருந்த இனிஷியல் அப்போது பிரிந்துபோகும். பழைய தாளையும் புதியதையும் சேர்த்துப் பிடித்து, ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் விரல் வைத்துப் பார்த்த பிறகு அச்சகத்துக்குச் சம்மதம் சொல்லலாம்.