இறுதிச் சரக்கிருப்பு: தேதி வரிசையில் கழிப்பதா, பின்னிருந்து எண்ணுவதா?

கடலூர் முதுநகரில் நைலான் கயிறு விற்கும் ஒரு கடையின் மார்ச் மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 3ஆம் தேதி 100 கிலோ 200 ரூபாய் வீதமும், 12இல் 80 கிலோ 210 வீதமும், 24இல் 60 கிலோ 225 வீதமும் கொள்முதல்; 8, 18, 28 தேதிகளில் முறையே 70, 60, 40 கிலோ வழங்கல்.

முதலில் வந்தது முதலில் செல்லும் முறையில் ஒவ்வொரு வழங்கலையும் பழைய கொள்முதலிலிருந்து கழித்துவந்தால், 18ஆம் தேதியின் 60 கிலோ, 200 ரூபாய்ச் சரக்கில் எஞ்சிய 30 கிலோவாகவும் 210 ரூபாய்ச் சரக்கில் 30 கிலோவாகவும் பிரியும். 28ஆம் தேதியின் 40 கிலோவும் 210 ரூபாய்ச் சரக்கிலிருந்தே போக, முடிவில் அதில் 10 கிலோவும் கடைசிக் கொள்முதலின் 60 கிலோவும் மிஞ்சும். மதிப்பு 15,600 ரூபாய்.

மொத்த வழங்கலான 170 கிலோவை மட்டும் கழித்து, மிஞ்சும் 70 கிலோவைக் கடைசிக் கொள்முதலில் தொடங்கிப் பின்னிருந்து எண்ணினாலும் இதே தொகைதான் வரும். விரிதாளில் கொள்முதல் அளவு B பத்தியில் B2 முதலும் மொத்த வழங்கல் E1 கட்டத்திலும் இருந்தால், ஒவ்வொரு வரியின் எச்சத்துக்கும் இது போதும்:

```
=MIN(B2,MAX(0,SUM(B$2:B2)-E$1))
```

மாத முடிவு மதிப்புக்கு இதுவே சுருக்கமான வழி என்பேன். ஆனால் 12ஆம் தேதிப் பில்லை 20ஆம் தேதி என்று தவறாகப் பதிந்திருந்தால், முதல் வழியில் 18ஆம் தேதியன்று இருப்பு 30 கிலோ குறையாகக் காட்டிப் பிழையை உடனே வெளிப்படுத்தும். இரண்டாவது வழியிலோ, வரிசை மாறாததால், அதே 15,600 எந்தச் சலனமும் இன்றி வந்துவிடும்.