லண்டனிலிருந்து கே.எல். திரும்பினால்: விடிகாலை வெயிலா, பதினோரு மணி வெயிலா?

கோடையில் லண்டனில் சில வாரம் தங்கிவிட்டுத் திரும்பிய அண்ணிக்கு வழக்கமாகத் தூக்கத்தில் நாடித்துடிப்பு 56, துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் எச்.ஆர்.வி. 42. செந்தூல் வீட்டில் முதல் இரவு கைக்கடிகாரம் காட்டியது 65-ம் 27-ம். "விடிஞ்சதும் தித்திவங்சா ஏரியைச் சுத்தி நடந்துட்டு வாம்மா, சரியாப் போயிடும்" என்றார் அம்மா. எல்லாரும் சொல்வது இதுதான். இந்தப் பயணத்துக்கு மட்டும் அது பொருந்தாது.

கோடையில் லண்டன் நமக்கு ஏழு மணி நேரம் பின்னால். இங்கே இரவு 11 மணிக்குப் படுத்தால், உடம்புக்கு மாலை 4. இதயம் இன்னும் பகல் கணக்கில்தான் ஓடும்; கண் மூடினாலும் வழக்கமான அளவுக்கு இறங்காது. உடல் வெப்பம் ஆகக் குறையும் நேரம் வழக்கமாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் வரும். லண்டனில் விடிகாலை 4 என்று வைத்துக்கொண்டால், இங்கே காலை 11. அந்தப் புள்ளிக்குப் பின் படும் வெளிச்சம் உடல் கடிகாரத்தை முன்னே நகர்த்தும். அதற்கு முன் படுவது பின்னே தள்ளும். கிழக்கே வந்தவர்களுக்கு வேண்டியது முன்னே.

ஆகவே விடிந்ததும் போகும் ஏழரை மணி நடை உடம்பை லண்டனையும் தாண்டி மேற்கே தள்ளுகிறது. சிலருக்குக் கடிகாரம் எதிர்த்திசையில் 17 மணி நேரம் சுற்றி வரவும் பார்க்கும்.

என் தேர்வு இரண்டாவது வழி. முதல் நாள் 11 மணி வரை திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளேயே பசியாறலாம். வெளியே போயே ஆகவேண்டுமென்றால் கறுப்புக் கண்ணாடி. பிறகு இரண்டு மூன்று மணி நேரம் வெளியில். உச்சி வெயிலில் நிற்கவேண்டாம், மர நிழலே வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம். அடுத்தடுத்த நாள் ஒவ்வொரு மணி நேரமாக முன்னே கொண்டுவரவேண்டும். கிழக்கே வந்தவர்களுக்கு உடம்பு நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும் என்பதால் ஒரு வாரம் பிடிக்கும். அலுவலகம் போகிறவர்களுக்கு இது சிரமம்தான், மறுக்கவில்லை.

பலிக்கிறதா என்று பார்க்க இரவின் சராசரி போதாது; துடிப்புக் கோட்டைத் திறந்து பாருங்கள். அண்ணிக்கு முதல் இரவுகளில் அது விழிக்கும்வரை இறங்கிக்கொண்டே இருந்தது, அடிமட்டத்தைத் தொடவே இல்லை. வெளிச்ச நேரத்தை மாற்றிய பிறகு அடிமட்டம் மெல்ல மெல்ல விடிகாலைக்கு நகர்ந்தது. எச்.ஆர்.வி. அதற்கும் பிந்தித்தான் ஏறியது.

மூன்றாவதாக, பியர் குடித்துத் தூங்குவோரும் உண்டு. தூக்கம் சீக்கிரம் வரும், துடிப்போ இன்னும் ஏறும், எச்.ஆர்.வி. விழும். நள்ளிரவு மாமாக் கடைச் சாப்பாடும் துடிப்பை ஏற்றுவதால், எது பயணத்தால், எது பரோட்டாவால் என்றே பிரித்தறிய முடியாது.

துடிப்போடு மூச்சு வேகமும் உடல் சூடும் சேர்ந்து ஏறினால் அது விமானத்தில் ஒட்டிக்கொண்ட காய்ச்சலாக இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.