12% வளர்ச்சி இரண்டு விதம்: பம்ப்செட் கம்பெனியா, பிஸ்கட் கம்பெனியா?

புதுப் பங்கு வெளியிடாமல், கடன் விகிதத்தையும் ஏற்றாமல் ஒரு கம்பெனி எவ்வளவு வேகமாக வளரலாம்? லாபத்தில் கையில் வைத்துக்கொள்ளும் பங்கை, பங்குதாரர் நிதி மீதான வருவாயால் (ஆர்ஓஇ) பெருக்கினால் விடை வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், ஒரே விடை இரண்டு வேறு கம்பெனிகளுக்கும் வரும்.

கணக்குக்காக இரண்டு கம்பெனிகளை வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஆண்டுத் தொடக்கத்தில் பங்குதாரர் பணம் 100 கோடி. பம்ப்செட் கம்பெனியின் லாபம் 15 கோடி, அதில் 80% உள்ளேயே இருக்கிறது. பிஸ்கட் கம்பெனியின் லாபம் 40 கோடி, 30% மட்டும் வைத்துக்கொண்டு 28 கோடியை டிவிடெண்டாகத் தருகிறது. இரண்டிலும் சேர்வது 12 கோடி, வளர்ச்சி 12%. (ஆர்ஓஇ-யை ஆண்டு இறுதி நிதியான 112 கோடியை வைத்துக் கணக்கிட்டால் இரண்டுக்குமே வளர்ச்சி 10.7%தான் வரும். அதனால் தொடக்க நிதியையே எடுங்கள்.)

சந்தை 18% வளர்ந்தால்? பிஸ்கட் கம்பெனி டிவிடெண்டைக் குறைத்து 45% வைத்துக்கொண்டால் போதும். பம்ப்செட் கம்பெனி ஒரு பைசா டிவிடெண்ட் தராவிட்டாலும் 15%-ஐத் தாண்டாது. ஆர்ஓஇதான் உச்சவரம்பு. இதுவரை பிஸ்கட் பக்கம்தான் தராசு சாய்கிறது.

சரி, சொத்தையும் பாருங்கள். பம்ப்செட்டின் மொத்தச் சொத்து 150 கோடி, பிஸ்கட்டினுடையது 400 கோடி என்று வைப்போம். விற்பனை 12% கூடினால் சொத்தும் ஏறக்குறைய 12% கூட வேண்டும். பம்ப்செட்டுக்குத் தேவை 18 கோடி. சொந்தப் பணம் 12 போக 6 கோடிதான் வெளியிலிருந்து வர வேண்டும். பிஸ்கட்டுக்கோ 48 கோடி வேண்டும், அதில் 36 கோடி அடுத்தவர் பணம். சூத்திரம் இதை வெளியே காட்டுவதில்லை. கடன் விகிதம் மாறாது என்று அது எடுத்துக்கொள்வதே, ஆண்டுதோறும் யாரோ அந்த 36 கோடியைத் தருவார்கள் என்ற நம்பிக்கையில்தான்.

தரவில்லை என்றால்? பம்ப்செட்டின் 12 கோடி 150 கோடிச் சொத்தை 8% வளர்க்கும். பிஸ்கட்டின் 12 கோடி 400 கோடியை வெறும் 3% வளர்க்கும். டிவிடெண்டை அடியோடு நிறுத்தினால் இரண்டுமே 10%தான். 40% ஆர்ஓஇ-யின் மினுமினுப்பு பெரும்பாலும் அடுத்தவர் பணத்தால் வந்தது.

ஆனாலும் பிஸ்கட்டை உடனே தள்ளிவிட மாட்டேன். அதன் 400 கோடிச் சொத்தில் பங்குதாரர் பணம் 100 போக மீதி 300 கோடி எதனால் ஆனது என்று இருப்புநிலைக் குறிப்பில் பார்ப்பேன். மாவு, சர்க்கரை தருபவர்களுக்கு வட்டியில்லாமல் நிற்கும் பாக்கியும் டீலர்கள் முன்கூட்டியே கட்டிய பணமும் என்றால், விற்பனையோடு அவையும் தானாக வளரும், 12% நிஜம். வங்கிக் கடன் என்றால், ஒவ்வொரு ஆண்டும் மேலாளர் முன்னால் போய் உட்கார வேண்டிய 12% அது. அப்போது நான் பம்ப்செட்டைத்தான் எடுப்பேன்.