கடைக்காரர் சொன்ன 100, நான் எண்ணிய 56: இரண்டு கசவு வேட்டிகளின் கதை

தங்கை கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குச் சரிகைக் கரை போட்ட கசவு வேட்டி எடுக்க வேண்டும். எங்கள் ஊர் மார்த்தாண்டம் பக்கம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளா, இன்னும் கொஞ்ச தூரத்தில் பாலராமபுரம். கடைசியில் போட்டியில் இரண்டு வேட்டிகள் நின்றன. ஒன்று எல்லைக்கு இந்தப் பக்கத்துக் கடையில் எடுத்து வைத்த விசைத்தறி வேட்டி. ஒட்டியிருந்த சீட்டில் '100 கவுண்ட்' என்று போட்டிருந்தது. இன்னொன்று பாலராமபுரத்தில் நெசவாளர்கள் வாழும் சாலியர் தெருவில் நேரே வாங்கிய கைத்தறி, 80ஆம் நம்பர் நூல். விலை அதைப்போல மூன்று மடங்கு. "80ஐ விட 100தானே பெரிசு, அப்புறம் எதுக்குக் கூடக் காசு?" என்று சித்தப்பா கேட்டார். நியாயமான கேள்விதான்.

பதில் அந்த 100 எதைக் குறிக்கிறது என்பதில் இருக்கிறது. துணியில் எத்தனை இழை இருக்கிறது என்பதை அது சொல்லவில்லை, நூல் எவ்வளவு மெல்லிசு என்பதைச் சொல்கிறது. பருத்தி நூலில் 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில், அதாவது சுமார் 454 கிராமில், எத்தனை சிட்டம் ஏறுகிறதோ அதுவே நூலின் நம்பர், அதாவது கவுண்ட். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். இன்னொரு தந்திரமும் உண்டு. 2/120 என்று சீட்டில் இருந்தால், இரண்டு 120ஆம் நம்பர் நூலை ஒன்றாக முறுக்கியது என்று அர்த்தம். பருமனில் அது 60ஆம் நம்பர் ஒற்றை நூலுக்குச் சமம். முறுக்கிய நூலுக்குப் பலம் அதிகம், அது நல்லதுதான். ஆனால் 120 என்ற எண்ணை மட்டும் உரக்கச் சொல்லி விற்பார்கள்.

ஆக, மெல்லிய நூல் என்றால் இழைகளும் நெருக்கமாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சல்லடைதான். அந்த நெருக்கத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை. நாமேதான் எண்ண வேண்டும்.

துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. தறியில் முதலிலேயே இழுத்துக் கட்டியிருக்கும். அதன் குறுக்கே நாடா, அதாவது நூலைச் சுமந்து இங்கும் அங்கும் ஓடும் கட்டை, கொண்டுபோய்க் கொண்டுவருவது ஊடு. மலையாளத்திலும் பாவு, ஊடு என்றேதான் சொல்கிறார்கள், அதனால் பாலராமபுரத்தில் எனக்குப் பேச்சில் சிக்கல் வரவில்லை. அந்த நெசவாளர்களின் முன்னோரே திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கமிருந்து திருவிதாங்கூர் அரசர் பாலராம வர்மா காலத்தில் அழைத்து வரப்பட்டவர்கள்தான். வேட்டியில் கரை ஓடும் திசை பாவின் திசை. கரை இல்லாத துணி என்றால் இரண்டு பக்கமும் லேசாக இழுத்துப் பாருங்கள். கம்மியாக இளகுவது பெரும்பாலும் பாவு.

எண்ணுவதற்குப் பூதக்கண்ணாடி தேவையில்லை. வேட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதன் மேல் ஒரு ஸ்கேலை வைத்து, போனில் நெருக்கமாகப் படம் எடுத்தேன். பெரிதாக்கி ஒரு சென்டிமீட்டருக்கு எண்ணி 2.54ஆல் பெருக்கினால் ஒரு அங்குலத்துக்கான கணக்கு வந்துவிடும். விசைத்தறி வேட்டியில் சென்டிமீட்டருக்குப் பாவு 30, ஊடு 22. அங்குலத்துக்கு 76, 56. கைத்தறியில் பாவு 28, ஊடு 27. அங்குலத்துக்கு 71, 69.

நூலின் பருமன் வேறு வேறு என்பதால் இந்த எண்களை அப்படியே ஒப்பிட முடியாது. நூல்காரர்கள் செய்யும் கணக்கு இது: அங்குல எண்ணிக்கையை நூல் நம்பரின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 100க்கு வர்க்கமூலம் 10. பாவு 7.6, ஊடு 5.6. 80க்கு வர்க்கமூலம் 8.94. பாவு சுமார் 8, ஊடு 7.7. எண் பெரிதானால் துணி அதிகம் மூடுகிறது. ஆக 100 என்று சொன்ன வேட்டி இரண்டு திசையிலும் திறந்துதான் கிடக்கிறது, ஊடில் ரொம்பவே.

ஊடில் ஏன் குறைகிறது? பாவு தறியில் ஏறிய பிறகு அதைக் குறைக்க முடியாது. ஊடு அப்படியல்ல. விசைத்தறி நிமிடத்துக்கு இத்தனை ஊடு என்று ஓடுகிறது. அங்குலத்துக்கு 69 ஊடுக்குப் பதில் 56 போட்டால், 100 வேட்டி நெய்யும் நேரத்தில் 123 வேட்டி வந்துவிடும். நூலும் மிச்சம். இந்த ஆசை கைத்தறியிலும் உண்டு. உருப்படிக் கூலிக்கு நெய்கிறவருக்கு ஊடைக் குறைத்தால் நாள் கூலி கூடும். எனவே கைத்தறி என்ற பெயரை நம்பி எண்ணாமல் விட்டுவிடாதீர்கள்.

'கையில் மொறுமொறு என்று கனமாக இருக்கிறதே' என்று தோன்றினால் கஞ்சியைச் சந்தேகியுங்கள். கைத்தறியிலும் கஞ்சி உண்டு, ஆனால் நெய்யும் முன் பாவு நூல் உராய்ந்து அறாமல் இருக்கப் போடுவது. நெய்த பிறகு துணி முழுக்கப் போடும் கஞ்சியோ இழைகளுக்கு நடுவே உள்ள ஓட்டையை அடைக்கிறது. ஒரு மூலையை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவில் கசக்கி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்து, கசக்கிய இடம் பக்கத்தை விடத் தெளிவாகத் தெரிந்தால், முதல் சலவைக்குப் பின் முழு வேட்டியும் அப்படித்தான்.

இனி ஓரம். துணி பிரிந்துவிடாமல் பிடித்திருக்கும் இரண்டு பக்க விளிம்பு. ஓரம் பிசிறில்லாமல் மூடியிருந்தால் கைத்தறி என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. நாடா போய்த் திரும்பி வரும் எந்தத் தறியிலும், அது விசைத்தறியாக இருந்தாலும், ஊடு நூல் ஓரத்தில் மடங்கித் திரும்பும், மூடித்தான் இருக்கும். நாடா இல்லாத புதுத் தறிகளில் ஒவ்வொரு ஊடும் ஓரத்தில் வெட்டப்படுவதால் பெரும்பாலும் பிசிறு வரும். மூடிய ஓரம் நாடாவுக்குச் சாட்சி, கைக்கு அல்ல.

கைக்குச் சாட்சி ஓரத்தில் உள்ள ஊசித் துளைகள். துணி சுருங்காமல் அகலத்துக்கு இழுத்துப் பிடிக்கும் முள் குச்சியை நெசவாளர் சில அங்குலம் நெய்ததும் கழற்றி முன்னே நகர்த்திக் குத்துவார். அதனால் துளைகள் விட்டு விட்டு, கொத்துக் கொத்தாக வரும். விசைத்தறியில் முள் சக்கரம் சுழல்வதால் துளைகள் ஒரே சீராக வரிசையில் ஓடும். சலவைக்குப் பின் இந்தத் தடம் மங்கிவிடும், ஆகவே புதுத் துணியிலேயே பார்க்க வேண்டும்.

தெருவில் விற்ற பெரியவரிடம், "அண்ணாச்சி, ஓரத்துல வேற என்ன பாக்கணும்?" என்று கேட்டேன். "தம்பி, நீளவாக்குல மடிச்சு ரெண்டு கரையையும் சேத்துப் பிடி. ஒண்ணு தொங்குனா வாங்காத" என்றார். ஒரு பக்கப் பாவு தளர்ந்திருந்தால் அந்தக் கரை அலை அலையாக நிற்கும், இஸ்திரி போட்டாலும் அடங்காது. கசவு அகலமானால் இன்னொரு தொல்லையும் உண்டு. தண்ணீர் பட்டால் பருத்தி சுருங்கும், சரிகை சுருங்காது, கரை சுருக்கம் விழுந்து நிற்கும். அதனால் அகலக் கசவை விட மெல்லிய கரையே எனக்குப் பிடிக்கும்.

மாப்பிள்ளைக்குக் கைத்தறிதான் எடுத்தோம். விசைத்தறியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். தினமும் கட்டி, வாஷிங் மெஷினில் போட்டுத் துவைக்கிற சித்தப்பாவுக்கு அதே கடையில் 60ஆம் நம்பர் விசைத்தறி வேட்டி ஒன்று வாங்கினேன். ஊடு அங்குலத்துக்கு 60, வகுத்தால் 7.7. கைத்தறியின் ஊடுக்கு அது சமம், விலை அதில் பாதிகூட இல்லை. 100 கவுண்ட் கடையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.