வயதா, எடையா? பிள்ளைக்கு மலேரியாக் குளிசை

வன்னியில் அந்தக் காலத்தில் காய்ச்சலென்றால் முதலில் மலேரியாவைத்தான் நினைப்போம். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடானது. இங்கிருந்து ஆபிரிக்காவுக்கு வேலைக்குப் போகும் தாதிமாருக்கு, பிள்ளைக்கு மலேரியாக் குளிசையை வயதைப் பார்த்துக் கொடுப்பதா, எடையைப் பார்த்தா என்ற கேள்வி இன்றும் வரும்.

ஆர்ட்டிமெதர்–லூமெஃபான்ட்ரின் (20/120 மி.கி.) குளிசையை எடுங்கள். 5 முதல் 15 கிலோவுக்குள் ஒரு வேளைக்கு 1, 15 முதல் 25க்குள் 2. நாளுக்கு இரண்டு வேளை, மூன்று நாள்.

வயதைக் கேட்பது சுலபம், தராசு தேவையில்லை. ஆனால் நாலு வயதுப் பிள்ளை மெலிந்து 13 கிலோதான் இருந்தால்? வயதுப்படி வேளைக்கு 2, மொத்தம் 12 குளிசை; எடைப்படி வேளைக்கு 1, மொத்தம் 6. இரட்டிப்பு! கொழுத்த இரண்டரை வயதுக்காரர் 16 கிலோ என்றால் நிலைமை தலைகீழ்: பாதி மருந்துதான் கிடைக்கும், கிருமி மிஞ்சிக் காய்ச்சல் சில வாரத்தில் திரும்பலாம்.

அதனால் நான் எடையைத்தான் நம்புவேன். தொங்குதராசின் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். எல்லைக்கோட்டில் ஒரு கிலோப் பிழையே குளிசை எண்ணிக்கையை மாற்றிவிடும். அந்தத் தராசு இல்லையா? ஏறி நிற்கும் தராசில் தாய் பிள்ளையோடு ஏறட்டும், அப்புறம் தனியாக, கழித்துப் பாருங்கள். இரண்டுக்கும் வழியில்லாதபோது மட்டும் வயது.