வேங்கை எந்தக் கட்டத்தில்? ஆறு வருடக் கேள்வி வங்கிக் கோப்பு

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதப் போகும் நண்பன் போன வாரம் கேட்டான்: "உன் எக்ஸெல் கோப்பு இன்னும் இருக்கா, அனுப்பேன்." 2019 தேர்வு முடிந்த கையோடு நான் ஆரம்பித்த கோப்பு அது. 2018, 2019, 2022, 2024 பொதுத்தமிழ்த் தாள்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு வினாவுக்கு ஒரு வரி: ஆண்டு, வினா எண், தலைப்பு, பாடநூல் பக்கம், விடை. விடையை ஆணையத்தின் இறுதி விடைக்குறிப்பிலிருந்து மட்டுமே எடுத்தேன். முதலில் வரும் உத்தேசக் குறிப்பை நம்பி நிரப்பி, பிறகு சில வரிகளைத் திருத்திய அனுபவம் உண்டு.

எண்ணுவதற்கு ஒரே ஒரு வாய்ப்பாடு போதும்:

```
=COUNTIFS(A:A,2022,C:C,"பொதுமொழி")
```

என்னைப் படுத்தி எடுத்தது அந்த C பத்திதான். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் வரும் 'வேங்கை'யையே எடுத்துக்கொள்ளுங்கள். மரம், புலி என்று நின்றால் அது தனிமொழி. வேம் + கை என்று பிரித்தால் 'வேகின்ற கை', தொடர்மொழி. இரண்டுக்கும் பொதுவாக நிற்பதால் பொதுமொழி. இதை வைத்து ஒரு வினா வந்தால் பிரித்தெழுதுகவில் போடுவதா, மூவகை மொழியில் போடுவதா, பல பொருள் தரும் சொல்லில் போடுவதா? நான் ஒரு நாள் ஒன்றில் போடுவேன், மறுநாள் இன்னொன்றில் போடுவேன்.

சந்தேகம் வந்து, ஒரு தாளின் 100 தமிழ் வினாக்களையும் தங்கையிடம் கொடுத்துத் தனியாகத் தலைப்பிடச் சொன்னேன். 18 வினாக்களில் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. "அண்ணா, இது இலக்கணமே இல்ல, சொல் சம்பந்தப்பட்டது" என்று சண்டை வேறு. அதுவரை நான் "பொதுமொழி ஏறுமுகம், அடுத்த முறை மூன்று வரும்" என்றெல்லாம் சிவப்பு நிறம் பூசி வைத்திருந்தேன். பெயர் வைப்பதிலேயே 18 ஆடுகிறது என்றால், ஒரு சின்னத் தலைப்பு ஒன்றிலிருந்து மூன்றாக ஏறியதற்கு என்ன அர்த்தம் இருக்கிறது? நான்கு தாளில் 1, 3, 0, 2 என்று வந்த தலைப்புக்குச் சராசரி ஒன்றரை. அடுத்த தாளில் ஒன்றும் வராமலும் போகலாம், நான்கு வந்தாலும் ஆச்சரியமில்லை.

அப்புறம் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: விடை சொல்ல எது தெரிந்திருக்க வேண்டுமோ அதுதான் தலைப்பு. வினாவில் எந்தச் சொல் வருகிறது என்பது கணக்கில்லை. வேங்கையைப் பிரிக்கச் சொன்னால் பிரித்தெழுதுக. அது எவ்வகை மொழி என்று கேட்டால் மூவகை மொழி. இன்னொரு தலைப்பும் பொருந்துமோ என்று சந்தேகம் வந்தால், அதை எழுதப் பக்கத்தில் ஒரு பத்தி உண்டு. அதை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. சண்டை பாதியாகக் குறைந்தது.

இவ்வளவும் சரிசெய்து முடித்த பிறகு புதிய பாடத்திட்டம் வந்தது. 2025 தேர்வுக்கு ஆணையமே அலகுவாரியாக எண்ணிக்கை போட்டுவிட்டது: இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்வது 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் சேர்ந்து 15. நான் ஆறு வருடமாகக் கணித்துக்கொண்டிருந்ததை ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். வயிறு எரிந்தது. என் கோப்பிலேயே நீளமானது இலக்கியமும் அறிஞர்களும்தான். கலைச்சொற்களிலும் மொழிபெயர்ப்பிலும் தேடினால் கைவிரலில் எண்ணும் அளவு. "நீங்க படிச்சதைவிடக் கட்டம் போட்டதுதான் அதிகம்" என்றாள் மனைவி. பொய்யில்லை.

ஆனால் நியாயமாகச் சொன்னால், பாடநூல் பக்கம் எழுதிய அந்தப் பத்தி நான் எதிர்பார்க்காத பரிசு. விளையாட்டாக ஒரு நாள் அதை வைத்து வரிசைப்படுத்தினேன். புத்தகத்தில் பாடத்தின் நடுவிலிருந்து வந்ததைவிட, ஓரத்துப் பெட்டிச் செய்தி, சொல்லும் பொருளும், நூல்வெளி பகுதிகளிலிருந்து வந்தவை என் கண்ணுக்கு அதிகமாகப் பட்டன. எண்ணிக்கை ஆடினாலும் எந்தப் பக்கத்தில் எப்படிக் கேட்கிறார்கள் என்பது கைக்கு வந்துவிட்டது. பாடத்திட்டம் மாறியும் அந்தப் பத்தி மட்டும் அப்படியே பயன்படுகிறது, தலைப்பை மாற்றி எழுதினால் போதும்.

அதனால் நண்பனுக்கு என் கோப்பை அனுப்பவில்லை. தலைப்புவாரியாக எண்ணி வைத்திருந்த வெயிட்டேஜ் பக்கத்தை அழித்துவிட்டு, 2024 தாளின் 100 வினாக்களைத் தலைப்பும் பக்கமும் காலியாக விட்டு அனுப்பினேன். "என்னடா இது, வெறும் கட்டமா இருக்கு?" என்று கேட்டான். நிரப்பி அனுப்பு, 18-க்குக் கீழே வித்தியாசம் இருந்தால் மிச்சத்தைத் தருகிறேன் என்றேன். இன்னும் பதில் வரவில்லை.