செலவா, சொத்தா? ஒரு பிரிண்டர் பில்

பில்லிலிருந்து மூன்று வரிகள் பிரிந்து வந்தன: பிரிண்டர் 18,000, டோனர் 6,000, நிறுவும் கூலி 1,200. நிறுவனம் வைத்திருக்கும் சொத்து வரம்பு 5,000; அதை எட்டினால்தான் ஒரு பொருளைக் கணக்கில் சொத்தாக எழுதலாம். ஆயுளும் ஓராண்டைத் தாண்ட வேண்டும்.

டோனர் தொகையில் தேறுகிறது, ஆனால் நாலு மாதத்தில் தீர்ந்துவிடும். எனவே செலவு. பிரிண்டர் நாலு வருடம் உழைக்கும்; அது சொத்து.

சரி, கூலி? தனி வரியாகப் பார்த்தால் வரம்புக்குக் கீழே, செலவு என்றே தோன்றும். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பிரிண்டரை இயங்க வைக்கக் கொடுத்த பணம் அதன் அடக்க விலையில் சேர வேண்டும். ஆக சொத்து 19,200; ஆயுள் முடிவில் விற்றால் கிடைக்கும் இறுதி மதிப்பு இல்லையென்றால், நாலு வருடத்துக்குச் சமமாகப் பிரித்து ஆண்டுக்கு 4,800 தேய்மானம். அப்புறம் வரும் பழுதுபார்ப்புக் கூலி மட்டும் செலவு.